தேங்கிய சரக்கை மொத்தமாக விற்பவர்களுக்கு: "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி எழுதி நான் ஏமாந்த விதம்

ஏறக்குறைய 20 மாதங்கள் கிடங்கில் விலைபோகாமல் கிடந்த 640 அவசரகால விளக்குகளை மறுவிற்பனை வியாபாரி ஒருவருக்கு மொத்தமாக விற்றபோது நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் சரக்கை வைத்துக்கொண்டு, அறிந்த வியாபாரிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், முன்பணத்தை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவை 6 வோல்ட் ஈய அமில பேட்டரி பொருத்திய விளக்குகள். பெட்டிக்கு 20 வீதம் 32 பெட்டிகள் இருந்தன. இவ்வகை பேட்டரி, யாரும் பயன்படுத்தாவிட்டாலும் தானாகவே மெல்ல மெல்ல மின்னை இழக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யாமல் விட்டால் உள்ளிருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய திறன் திரும்புவதில்லை. எங்கள் சரக்கை நாங்கள் ஒருமுறைகூடச் சார்ஜ் செய்யவில்லை. ஆகவே அதில் ஒரு பகுதி பழுதாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. அதற்காகவே கொள்முதல் விலையில் 35 சதவீதத்துக்குக் கொடுக்க முடிவு செய்து, "640 விளக்குகள், மொத்தமாக, உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று வியாபாரிகளுக்குச் செய்தி அனுப்பினேன்.

அழைத்தவர்களில் ஒருவர் மறுநாளே நேரில் வந்தார். இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 40 சதவீதம் இப்போது, மீதி 15 நாட்களில் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனையாக இருந்தது. "சரக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டதற்கு, "பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்" என்று நான் பதில் சொன்னேன். அந்த வாக்கியத்தை அவர் மறக்கவில்லை.

மீதிப் பணத்துக்கான கெடு முடிய மூன்று நாட்கள் இருந்தபோது, பணத்துக்குப் பதிலாக ஒரு லாரி வந்து நின்றது. அதில் 230 விளக்குகள் இருந்தன. வாடகையையும் நாங்களே கொடுக்க வேண்டும் என்றார்கள். "மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியவில்லை, நன்றாக இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், கணக்கை இதோடு நேர்செய்துகொள்வோம்" என்றார் வாங்கியவர். அதாவது சரக்கில் 64 சதவீதத்தை வைத்துக்கொண்டு, பேசிய தொகையில் 40 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் நடந்தது முழுவதும் விளங்கியது. பல விளக்குகளின் அடிமூடித் திருகாணிகளில் புதிய கீறல்கள் இருந்தன. உள்ளே இருந்த பேட்டரிகள் சிலவற்றின் மேல் அச்சிடப்பட்டிருந்த தயாரிப்பு மாதம், நாங்கள் அந்தச் சரக்கை வாங்கிய பில்லின் தேதிக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. அவை எங்கள் சரக்கோடு வந்தவையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எழுபதுக்கும் மேற்பட்டவற்றில் சார்ஜர் காணவில்லை. நல்ல பேட்டரிகளையும் சார்ஜர்களையும் எடுத்துக்கொண்டு, தன்னிடம் கிடந்த கழிவை அடைத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் கொடுத்தபோது இருந்த நிலையைக் காட்ட என்னிடம் ஒரு படமோ, பேட்டரி எண்களின் பட்டியலோ, அவர் கையெழுத்திட்ட ஒரு தாளோ இல்லை. சரக்கு இறங்கியபோது எண்ணி ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்ததும் எங்கள் கிடங்குப் பணியாளர்தான்.

"உள்ளது உள்ளபடி" என்ற சொற்கள் தரத்துக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லப் பயன்படுபவை. நான் சொன்ன விவரம் தவறாக இருந்தால் அவை என்னைக் காப்பாற்றுவதில்லை. விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது பல நாடுகளின் விற்பனைச் சட்டங்களில் உள்ள விதி. தெரிந்த குறையை மறைத்தாலும் அதே கதிதான். எனவே எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நேரில் "நன்றாகவே இருக்கும்" என்று சேர்த்த என் வாக்கியமே அவர் கைக்குப் பிடி கொடுத்தது. குறையை எவ்வளவு துல்லியமாக எழுதுகிறோமோ அவ்வளவுக்கு அந்த விற்பனை உறுதியாக நிற்கும். விலை குறையும் என்று அஞ்சி இதைத் தவிர்ப்பவர்கள் நான் இழந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

விற்பதற்கு முன் பெட்டிக்கு இரண்டு வீதம் 64 விளக்குகளை எடுத்து, முழுமையாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் ஓய்வில் வைத்துவிட்டு மின்னழுத்தம் பார்த்திருக்கலாம். நல்ல 6 வோல்ட் பேட்டரி 6.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் தேறாது. இரண்டு பேருக்கு ஓரிரு நாள் வேலைதான். அதன்பின் கீழ்க்கண்டவாறு எழுதி, வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்றிருந்தால் அந்த லாரி திரும்பி வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்:

"இச்சரக்கு மறுவிற்பனை வியாபாரிகளுக்கு மட்டும், பிரிக்காமல் ஒரே தொகுதியாக, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. 20 மாதங்கள் சார்ஜ் செய்யப்படாமல் இருந்த சரக்கு இது. பெட்டிக்கு இரண்டாக 64 விளக்குகள் சோதிக்கப்பட்டன, அவற்றின் முடிவு இணைப்பில் உள்ளது, மற்றவை சோதிக்கப்படவில்லை. வாங்குபவர் ஏற்றுவதற்கு முன் எங்கள் கிடங்கில் எந்தப் பெட்டியையும் திறந்து சோதிக்கலாம். முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே சரக்கு ஏற்றப்படும். ஏற்றிய நேரத்திலிருந்து உரிமையும் இழப்பும் வாங்குபவருடையவை. திரும்பப் பெறுதலோ, மாற்றித் தருதலோ, விலைக் கழிவோ இல்லை. வாய்மொழியாகச் சொன்ன எதுவும் இவ்விற்பனையில் அடங்காது."

இவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது, ஏற்றுவதற்கு முன் சோதிக்க இடம் கொடுக்கும் வரி. அந்த வாய்ப்பைக் கொடுத்து, அவர் பார்த்தார் அல்லது பார்க்க மறுத்தார் என்று எழுதி வாங்கிக்கொண்டால், பின்னர் வரும் புகாருக்கு இடம் மிகக் குறைவு. கடன் தவணை மட்டும் தேக்கச் சரக்கு விற்பனையில் வேண்டவே வேண்டாம். மீதிப் பணம் அவர் கையில் இருக்கும்வரை, தாளில் எழுதியது எதுவாக இருந்தாலும், சரக்கின் தரத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான். உண்மையாகவே இத்தகைய சரக்கை வாங்கிப் பிழைப்பவர்கள் விலையில் கடுமையாகப் பேரம் பேசுவார்கள், பெட்டிகளைக் கிளறுவார்கள், பணத்தை உடனே கொடுப்பார்கள். விலையை அப்படியே ஒப்புக்கொண்டு தவணைக்கு மட்டும் பேரம் பேசுபவரிடம் சரக்கை ஏற்றாதீர்கள்.

இன்னொரு தொல்லை இப்போதும் முடியவில்லை. பெட்டிகளுக்குள் எங்கள் கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டைகளை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். அவர் வைத்துக்கொண்ட 410 விளக்குகளும் அந்த அட்டைகளோடு புதிய சரக்காகவே விற்கப்பட்டிருக்கின்றன. வியாபாரிகளுக்கிடையில் செல்லும் "உள்ளது உள்ளபடி" என்ற ஏற்பாடு, பொருளைப் புதிது என்று நம்பிக் கடைசியில் வாங்கிய குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. அட்டையை நீட்டிக்கொண்டு வருபவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள் என்பதால், இதுவரை வந்த 17 பேருக்கும் பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறோம். மொத்த விற்பனைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து அட்டைகளை எடுத்துவிட்டு, விளக்கின் அடியில் "வாரண்டி இல்லை" என்று அழியாத மையில் முத்திரை குத்திய பிறகே இப்போது வெளியே அனுப்புகிறோம்.