ஜிஎஸ்டிக்கு ஒரே கணக்கா, உள்ளீடு வெளியீடு தனித்தனியா?

கிருஷ்ணகிரியில் ஒரு பைப் கடை. பெங்களூரிலிருந்து ரூ.1,00,000 சரக்கு, ஐஜிஎஸ்டி ரூ.18,000. அதை உள்ளூரில் ரூ.1,30,000-க்கு விற்கிறார், சிஜிஎஸ்டி ரூ.11,700, எஸ்ஜிஎஸ்டி ரூ.11,700. கொள்முதல் கணக்கில் ஏறுவது ரூ.1,00,000 மட்டும், வரியைச் சேர்த்து எழுதினால் லாபம் தப்பாகக் காட்டும்.

பதிவு வேலை
ஒரே கணக்கு: வாங்கிய வரி பற்று, விற்ற வரி வரவு. மிச்சம் ரூ.5,400.
தனித்தனி: வாங்கிய வரி உள்ளீட்டுக் கணக்கில், விற்ற வரி வெளியீட்டுக் கணக்கில். மாதக் கடைசியில் இரண்டையும் ஈடு செய்யும் பதிவு ஒன்று கூடுதல்.

எந்தத் தலைப்பில் கட்டுவது
ஒரே கணக்கு: சொல்லாது.
தனித்தனி: ஐஜிஎஸ்டி 18,000-ல் 11,700 சிஜிஎஸ்டிக்குக் கழித்தால், மீதி 6,300 எஸ்ஜிஎஸ்டிக்கு. கட்டவேண்டியது எஸ்ஜிஎஸ்டி ரூ.5,400. சிஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை எஸ்ஜிஎஸ்டிக்குக் கழிக்க முடியாது என்பதால் இந்தப் பிரிப்பு அவசியம்.

தவறு தெரியுமா
இதுதான் முக்கியம். பெங்களூர்க்காரர் தன் விற்பனை ரிட்டர்னில் பில்லை ஏற்றாவிட்டால் அது உங்களுக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வராது. அந்த மாதம் வரவு எடுக்க முடியாது, முழு ரூ.23,400-ம் கட்டவேண்டும்.
ஒரே கணக்கு: அப்போதும் 5,400 என்றே காட்டும்.
தனித்தனி: உள்ளீட்டுக் கணக்கை 2பி-யோடு பில் பில்லாக ஒத்துப்பார்த்தால் விடுபட்டது உடனே தெரியும். அதை ‘வரவேண்டிய உள்ளீட்டு வரி’ என்று தனியே நிறுத்திவைத்து, சப்ளையருக்கு போன் போடுங்கள்.

யாருக்கு எது
வெளிமாநிலக் கொள்முதல் இருந்தால் தனித்தனிதான், யோசிக்கவே வேண்டாம். தர்மபுரிக்குள்ளேயே நாலைந்து பேரிடம் வாங்கி விற்பவர் ஒரே கணக்கில் சமாளிக்கலாம். ஆனாலும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பத்தி பிரித்திருக்கட்டும். காம்போசிஷன் வணிகருக்கு இரண்டும் பொருந்தாது: உள்ளீட்டு வரவு கிடையாது, வாங்கும்போது கட்டிய வரி சரக்கின் அடக்கத்திலேயே சேரும்.