ஆண்டுக் கோடா, வீட்டு வரிசையா: வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்குமுன் செய்யும் இரு பயிற்சிகள்

தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரையோ கதையோ எழுத விரும்பும் பர்மியத் தமிழர், முதல் வாக்கியத்தை எழுதுமுன் ஒரு காலக்கோடு வரைந்து கொள்வது நல்லது. அதை இரண்டு விதமாக வரையலாம். ஆண்டுகளை வரிசையாகக் குறித்து நிகழ்ச்சிகளை அவற்றின் கீழ் எழுதுவது ஒன்று. குடியிருந்த வீடுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததை எழுதுவது மற்றொன்று. கோடே வரையாமல் நேராக எழுத உட்காருவோரும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட நான்கைந்து கதைகள்தாம் என்பதால், அந்த வழியைப் பற்றி இங்கு மேலும் பேசவில்லை.

ஆண்டுக் கோட்டுக்குப் பழைய நாட்காட்டித் தாள்கள் இரண்டை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தைப் பயன்படுத்தினால் போதும். இடமிருந்து வலமாகப் பிறந்த ஆண்டு முதல் இன்று வரை குறித்து, ஒவ்வோர் ஆண்டின் கீழும் அப்போதைய வயதையும் எழுத வேண்டும். வயது வரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் "1987" என்ற எண் தராத வெளிச்சத்தை "பதின்மூன்று வயது" என்ற குறிப்பு தருகிறது. நிகழ்ச்சிகளை இரண்டு மூன்று சொற்களில் மட்டும் எழுத வேண்டும், வினைமுற்று கூடாது. "பாட்டி இறந்தார்" என்று எழுதினால் மனம் உடனே அடுத்த வாக்கியத்தைத் தேடிக் கதை சொல்லத் தொடங்கிவிடும். "பாட்டி, திண்ணை, வெற்றிலைப் பெட்டி" என்று எழுதினால் அது பொருளாகவே நிற்கும்.

1974இல் தட்டோன் அருகே ஒரு நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படிப்புக்காக மோல்மீனில் சின்னம்மா வீட்டில் வளர்ந்து, மணமான பின் ரங்கூனுக்கு வந்த ஒரு பெண்மணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய ஆண்டுக் கோட்டில் பிறப்பு, பள்ளிச் சேர்க்கை, 1988இல் போராட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டது, பத்தாம் வகுப்புப் பரீட்சை, திருமணம், பிள்ளைப்பேறு, 2008 மே மாத நர்கிஸ் புயல் ஆகியவை வரும். இவற்றில் பாதி சான்றிதழ்களில் இருப்பவை. மீதி நாட்டு வரலாற்றில் இருப்பவை. பள்ளியில் சேர்ந்ததற்கும் 1988க்கும் இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடைவெளியைக் கண்டு தமக்கு எழுத ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கட்டினால், அது இந்த முறை செய்யும் கெடுதல். ஆண்டு எண் என்பது நினைவு சேமிக்கப்பட்டிருக்கும் அறையின் பெயரன்று. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆண்டு எண்ணோடு சேர்த்துப் பதிந்தவை மட்டுமே வரும்.

அதே பெண்மணி வீட்டு வரிசையை எழுதினால் நான்கு பெயர்கள் வரும்: தட்டோன் வயல் வீடு, மோல்மீனில் கடைக்குப் பின்புறமிருந்த வீடு, ரங்கூனில் மாமியார் வீடு, பிறகு தனிக்குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எடுத்து, அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தரைப்படம் ஒன்றை வரைய வேண்டும். வாசல் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எங்கே படுத்தார்கள், பூட்டி வைத்த பெட்டி எந்தக் கட்டிலின் கீழ் இருந்தது என்று குறிக்கக் குறிக்க, ஆண்டுக் கோட்டில் வெறுமையாக இருந்த எட்டு ஆண்டுகள் நிரம்பத் தொடங்கும். பெட்டியை வரைந்த இடத்தில் நமது பெண்மணிக்கு ஒரு காட்சி வருகிறது: சின்னம்மா அந்தப் பெட்டியைத் திறந்து கியாட் நோட்டுக் கட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "வைத்து விளையாடுங்கள்" என்கிறார். தமக்கு அப்போது பத்து வயது என்று பெண்மணி நினைக்கிறார்.

வீட்டு வரிசையின் குறை இங்கேதான் தெரிகிறது. அது காட்சிகளைத் தாராளமாகத் தரும், ஆனால் ஒரே வீட்டில் நடந்தவற்றின் முன்பின் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மழைக்காலத்தில் நடந்ததுபோல் குவித்துவிடும். பணத்தை விளையாடக் கொடுத்தார் என்றால் அது செல்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் பத்து வயது என்றால் 1984 ஆகிறது. அந்த ஆண்டு பர்மாவில் எந்த நோட்டும் செல்லாததாக்கப்படவில்லை. 1985 நவம்பர் 3ஆம் தேதி 20, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அப்போது ஓரளவு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் இல்லாமல் செல்லாதவையாயின. 75 கியாட் நோட்டு 1985 நவம்பர் 3க்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. நோட்டில் இருந்த எண் எது? அது நினைவில்லையென்றால், அப்போது மழையா? 1985 நவம்பர் 3 தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, வானம் வெளுத்த காலம். செப்டம்பர் மோல்மீனில் கொட்டும் மழைக்காலம். நோட்டுகளைக் கப்பலாக மடித்து முற்றத்து மழைநீரில் விட்டது பெண்மணிக்கு நினைவிருக்கிறது. விளையாடக் கொடுக்கும் அளவுக்கு அவை மதிப்பற்றுப் போனதையும் சேர்த்துப் பார்த்தால் 1987 என்பதே பொருந்துகிறது. அதாவது அவருக்குப் பத்து அல்ல, பதின்மூன்று வயது. விவரம் அறியாத குழந்தை கப்பல் விட்ட கதையாக எழுதப்படவிருந்தது, சின்னம்மாவின் சேமிப்பு போய்விட்டதைப் புரிந்துகொண்டே கப்பல் மடித்த பெண்ணின் கதையாக மாறுகிறது. வெறும் தேதித் திருத்தம் என்று இதைத் தள்ள முடியாது. எழுதப்படும் குரலே வேறாகிவிடுகிறது.

இப்படி ஊரறிந்த நிகழ்ச்சியை முளைக்குச்சியாக வைத்து நினைவின் தேதியைச் சரிபார்க்கலாம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டசும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், "கடந்த ஆறு மாதங்களில்" என்று கேட்பதைவிட, அறியப்பட்ட ஒரு எரிமலை வெடிப்புக்குப் பிறகு என்று கேட்டபோது, பழைய நிகழ்ச்சிகளை அண்மையில் நடந்தவையாக நகர்த்திச் சொல்லும் பிழை குறைந்தது. நமக்கு எரிமலை தேவையில்லை. செல்லாத நோட்டுகளே போதுமான அளவு இருக்கின்றன.

ஆகவே என் தெரிவு: வீட்டு வரிசை முதலில், ஆண்டுக் கோடு இரண்டாவதாக. முதல் நாள் தரைப்படங்கள். அடுத்த நாள், அவற்றில் வந்த காட்சிகளை ஆண்டுக் கோட்டின் மேல் பொருத்திப் பார்ப்பது. வரிசையை மாற்றிச் செய்தால், கோட்டில் எழுதிய பெரிய நிகழ்ச்சிகள் மனத்தில் இடம்பிடித்துக்கொண்டு, பெட்டி போன்றவற்றை வெளியே வரவிடுவதில்லை. பொருத்தும்போது ஒவ்வொரு குறிப்பையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: இது ஒரு நாள் நடந்ததா, வழக்கமாக நடந்ததா? "சின்னம்மா கடையில் உட்கார்ந்திருப்பார்" என்பது வழக்கம்; அது பின்னணிக்கு உதவும். நோட்டுக் கப்பல் ஒரு நாள் நடந்தது. எழுதத் தொடங்க ஏற்றது அதுவே.

நம்மவர்களுக்கு மட்டுமே பெரிதாக எழும் சிக்கல் ஒன்றுண்டு. 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களின் கதையும், 1964இல் கடைகள் அரசுடைமையானதும் அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதும், கப்பலேறிய உறவினர்களின் கதையும் வீடுதோறும் சொல்லப்பட்டு, பிறகு பிறந்தவர்களின் நினைவிலும் கண்ணால் கண்டதுபோல் பதிந்திருக்கின்றன. இவற்றைக் கோட்டில் வேறு மையில் எழுதி, யார் வாயிலாக, எந்த வீட்டில் கேட்டது என்றும் குறிக்க வேண்டும். அப்போது பாட்டி அதைச் சொன்ன மாலைப்பொழுதே நமக்குச் சொந்தமான காட்சியாகிவிடும். அவர் நடந்த காட்டை நாம் பார்த்ததாக நடிக்க வேண்டியதில்லை.

பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து வருபவர்களுக்கு வீட்டு வரிசை பயன்படாது. அவர்கள் வேலை பார்த்த கடைகளையோ, பள்ளிகளையோ, அதே வீட்டில் வந்து தங்கிப் போன உறவினர்களையோ வரிசையாக்கலாம். உறவினர் வரிசைதான் இவற்றில் அதிகம் தருகிறது என்பது என் எண்ணம், ஏனெனில் ஒருவர் வந்து தங்கும்போது வீட்டில் படுக்கும் இடங்கள் மாறுகின்றன. தரைப்படத்தையும் ஒவ்வொருவருக்காகவும் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.