வெப்பநிலை மாறா நிகழ்வா, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வா?

கணக்கில் எதைப் பயன்படுத்துவது என்று தடுமாறுபவர்கள் ΔU = Q − W என்பதிலிருந்தே தொடங்கலாம். இதில் ΔU என்பது அக ஆற்றல் மாற்றம், Q என்பது வாயு பெறும் வெப்பம், W என்பது வாயு செய்யும் வேலை.

300 K வெப்பநிலையில் 1 மோல் நைட்ரஜன் மீள்முறையில் விரிந்து இருமடங்கு பருமனை அடைகிறது. முதலில் வெப்பநிலை மாறா நிகழ்வாகவும், பின்னர் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வாகவும் இதைக் கணக்கிட்டால்:

வெப்பம்: முன்னதில் சுமார் 1729 J உள்ளே வருகிறது, பின்னதில் சுழி.
அக ஆற்றல்: முன்னதில் மாற்றமில்லை, பின்னதில் சுமார் 1509 J குறைகிறது.
வேலை: முன்னதில் 1729 J, பின்னதில் 1509 J.
இறுதி வெப்பநிலை: முன்னதில் 300 K, பின்னதில் ஏறத்தாழ 227 K.

‘வெப்பநிலை மாறவில்லை, ஆகவே Q = 0’ என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. செய்யும் வேலைக்கு ஈடாக வெப்பம் வந்துகொண்டே இருப்பதால்தான் வெப்பநிலை நிலைக்கிறது. வெப்பம் வராதபோது வாயு தன் அக ஆற்றலைச் செலவழித்துக் குளிர்கிறது.

உலோக உருளை, நீர்த்தொட்டி, மெதுவான நகர்வு என்றால் முதல் வகை. காப்பிட்ட சுவர் அல்லது வெப்பம் கடக்க நேரமில்லாத வேகம் என்றால் இரண்டாவது. ஒலியலை இரண்டாவதைச் சேர்ந்தது: முதல் வகையாகக் கொண்ட நியூட்டனின் சூத்திரம் 0°C காற்றில் 280 மீ/வி தருகிறது, லாப்லாசின் திருத்தம், அளவீட்டோடு பொருந்தும் 331 மீ/வி-ஐத் தருகிறது.