58 காசு வட்டியா, ஒரு ரூபாய் வட்டியா: இரண்டு துண்டறிக்கைகளை வைத்து ஒரு கணக்கு

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் இரண்டாங்கட்டு ஓட்டுக்கூரையை மாற்றி, உளுத்த சட்டங்களை எடுத்துவிட்டு, பெயர்ந்த ஆத்தங்குடிக் கல்லைப் புதிதாகப் பதிக்க 5 லட்சம் ரூபாய் கடன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் இரண்டு துண்டறிக்கைகளின் படம் இருக்கிறது. வங்கியின் தாளில் ஆண்டுக்கு 12 சதவீதம், 60 மாதம், குறையும் நிலுவை முறை, அதாவது அடைந்த அசல் போக மீதிக்கு மட்டும் வட்டி. நிதி நிறுவனத்தின் தாளில் ஆண்டுக்கு 7 சதவீதம், அதே 60 மாதம், மாதத் தவணை 11,250.

ஊர்ப் பேச்சில் முதலாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, இரண்டாவது 58 காசு வட்டி. பார்த்தவுடன் கை 58 காசுப் பக்கம்தான் போகும். என் தேர்வு வங்கித் தாள். காரணம் வட்டி வீதத்தில் இல்லை, கடைசித் தவணைக்கு முன்னால் கையில் பணம் வந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. அதற்குப் போகுமுன் வீதக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுவோம்.

குறையும் நிலுவையில் தவணைக்கான சூத்திரம் இது:

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

P என்பது 5,00,000. r என்பது மாத வட்டி, அதாவது 12-ஐ 100-ஆல் வகுத்து மறுபடி 12-ஆல் வகுத்தால் வரும் 0.01. n என்பது 60. ஆண்டு வீதத்தை மாதமாக்காமல் 0.12 என்று போடுவதும், 60-க்குப் பதில் 5 என்று போடுவதும் வழக்கமான தவறுகள். ஆனால் அவற்றில் விடை கண்ணுக்குத் தெரியும்படி தாறுமாறாக வரும், உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாத தவறு வேறு. 1.01-ஐ 60 தடவை பெருக்கினால் 1.8167 வரும். அதை 1.8 என்று சுருக்கிவிட்டால் தவணை 5,000 × 1.8 ÷ 0.8 = 11,250 என்று, நிதி நிறுவனத் தாளில் உள்ள அதே எண்ணாக வந்து நிற்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி எழுந்துவிடலாம். நான்கு தசம இடமாவது விட்டுவைத்தால்தான் சரியான தவணையான 11,122 கிடைக்கும்.

ஐந்து வருடத்தில் வங்கிக்குப் போகும் மொத்தம் 6,67,333 ரூபாய். அதில் வட்டி 1,67,333. நிதி நிறுவனத்தில் 11,250 × 60 = 6,75,000, வட்டி 1,75,000. ஏழு சதவீதக் கடனுக்குப் பன்னிரண்டு சதவீதக் கடனைவிட வட்டி கூடுதல். ஏனென்றால் அந்த ஏழு, தட்டை வட்டி. முதல் நாள் வாங்கிய 5 லட்சத்துக்கே ஐந்து வருடமும் வட்டி போட்டு, மொத்தத்தை 60-ஆல் வகுத்திருக்கிறார்கள். மாதாமாதம் அசல் அடைவது அந்தக் கணக்கில் வட்டியைத் தொடுவதே இல்லை.

தாளில் "தட்டை வட்டி" என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் இருக்கும், படம் எடுக்கும்போது அந்த ஓரம்தான் வெட்டுப்படும். அப்போது தவணையை வைத்தே கண்டுபிடிக்கலாம். தவணையை மாதங்களால் பெருக்கி, அசலைக் கழித்து, மீதியை வருடங்களால் வகுத்து, அது அசலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நிதி நிறுவனத் தாளில் 1,75,000 ÷ 5 = 35,000, அது 5 லட்சத்தில் சரியாக 7 சதவீதம். அச்சிட்ட வீதமும் அதுவே என்றால் தட்டை வட்டி. வங்கித் தாளில் இதே கணக்கு 6.7 சதவீதம் என்று, அச்சிட்ட 12-ஐவிடக் கீழே இறங்கி வரும். அது குறையும் நிலுவை.

தட்டை வட்டிக்கு இணையான குறையும் வட்டி எவ்வளவு என்று அறிய, கைப்பேசியில் உள்ள விரிதாள் செயலியில் இந்த ஒரு வரி போதும்:

```
=RATE(60,-11250,500000)*12
```

விடை 12.5 சதவீதம். செயலி இல்லாத நேரத்தில் தட்டை வீதத்தை 1.8-ஆல் பெருக்கலாம், 12.6 வரும். ஐந்து வருடத்துக்கும் இந்த அளவு வட்டிக்கும் அது நெருங்கி வரும், நீண்ட காலக் கடனுக்கு அதை நம்பக் கூடாது.

சரி, வங்கி 12, நிறுவனம் 12.5, வங்கியே மலிவு என்று இங்கே நிறுத்த முடியாது. வங்கித் தாளின் அடியில் செயலாக்கக் கட்டணம் 1 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கிறது. 5,900 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் பணம் கைக்கு வரும். கைக்கு வந்தது 4,94,100, கட்டுவது மாதம் 11,122 என்று வைத்து மறுபடி கணக்குப் போட்டால் வங்கியின் உண்மை வீதமும் ஏறக்குறைய 12.5 ஆகிவிடுகிறது. நிதி நிறுவனம் அந்தக் கட்டணம் வாங்கவில்லை. ஆக, அறுபது மாதமும் ஒழுங்காகக் கட்டி முடிப்பவருக்கு இரண்டும் ஒரே விலைதான்.

ஆனால் அறுபது மாதமும் அப்படியே கட்டுபவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? ஏலச்சீட்டு விழும், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை ஒரு தொகை அனுப்பும், ஒரு நிலம் கைமாறும். அந்தத் தொகையைக் கடனில் போட்டால் வட்டி குறையுமா என்பதுதான் இந்த இரண்டு தாள்களையும் பிரிக்கும் கேள்வி.

வங்கிக் கணக்கில் முதல் மாதம் 5 லட்சத்துக்கு ஒரு சதவீதம், 5,000 ரூபாய் வட்டி. தவணையில் மீதமுள்ள 6,122 அசலில் கழியும். இரண்டாம் மாதம் வட்டி 4,93,878-க்குத்தான், அதாவது 4,939. இப்படி மாதம் தோறும் வட்டி இறங்கி, அசல் அடைவது ஏறும். நிதி நிறுவனக் கணக்கில் முதல் மாதமும் அறுபதாம் மாதமும் வட்டி 2,917 என்றே காட்டும். வங்கிப் பட்டியலின் முதல் வரியில் 5,000 வட்டியைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, அந்த எண் மட்டும்தான் நிலுவையோடு சேர்ந்து நகரும்.

24 தவணை கட்டியபின் வங்கியில் நிலுவை 3,34,862 ரூபாய். அதுவரை போன வட்டி 1,01,796, இனிமேல் போக வேண்டியது 65,538. இந்த இடத்தில் சீட்டுப் பணம் 1 லட்சத்தைக் கட்டினால் நிலுவை 2,34,862 ஆகிறது. தவணையை மாற்றாமல் 11,122-ஆகவே விட்டால், மீதி 36 மாதத்துக்குப் பதில் 24 மாதத்தில் கடன் முடிகிறது, கடைசித் தவணை 9,330 மட்டும். இனிப் போகும் வட்டி 30,279. மிச்சம் 35,259 ரூபாய்.

பணத்தைக் கட்டும்போது கிளையில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும்: தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள். எழுதாமல் விட்டு, மாதங்களை வைத்துக்கொண்டு தவணையைக் குறைத்துவிட்டால் தவணை 7,801 ஆகும், கேட்க இதமாக இருக்கும். ஆனால் மிச்சம் 19,572 ரூபாயாகச் சுருங்கிவிடும். மாதச் செலவுக்கு நெருக்கடி உள்ளவர் அதைத் தேர்ந்தால் தவறில்லை, தெரிந்து தேர்ந்தால் போதும்.

நிதி நிறுவனத் தாளில் பகுதித் தொகையை ஏற்பதில்லை என்று இருக்கிறது. முழுவதும் முடிக்கலாம், நிலுவை அசலில் 4 சதவீதமும் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். ஆக 1 லட்சம் கையில் இருந்தும் கடன் ஒரு ரூபாய் குறையாது. முழுவதும் முடிக்கப் பணம் இருந்தாலும், "இரண்டு வருடத்தில் 8,333 வீதம் 2 லட்சம் அசல் அடைந்துவிட்டது, மீதி 3 லட்சம்தான்" என்று துண்டறிக்கைக் கணக்கை வைத்து எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். முடிக்கும் கணக்கை நிறுவனம் வழக்கமாக அந்த 12.5 சதவீதத்தில்தான் போடும். அப்படிப் போட்டால் நிலுவை 3,36,287, கட்டணம் 15,873, ஆக 3,52,160. இரண்டு வருடத் தவணைகளையும் வங்கியின் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 24-ஆம் மாதம் முடிப்பவருக்கு வங்கியில் மொத்தம் 6,07,695, நிறுவனத்தில் 6,22,160. சுமார் 14,500 வித்தியாசம். முடிக்கும் கணக்குப் போடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கையெழுத்துக்கு முன்பே "24-ஆம் மாதம் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே 3 லட்சம் என்று எழுதிக் கொடுப்பவர் கிடைத்தால், என் தேர்வைப் புறந்தள்ளிவிட்டு அங்கேயே போகலாம்.

வங்கிக் கடன் மாறும் வட்டி. வீட்டுப் பழுதுபார்ப்பு போல வணிகம் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனில், 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு, முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. மேலே வங்கிப் பக்கம் கட்டணத்தைச் சேர்க்காததற்குக் காரணம் அதுதான். நிலையான வட்டிக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது.

மாறும் வட்டியின் மறுபக்கமும் உண்டு. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வீதம் 13 ஆனால் தவணை 11,283 ஆகும், மீதிக் காலத்துக்கு 5,781 ரூபாய் கூடும். நிதி நிறுவனத்தின் 11,250 அசையாது. நடுவில் பெரிய தொகை வர வழியே இல்லாத, மாதச் சம்பளம் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அந்த நிச்சயம் மதிப்புள்ளது. வீதம் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

துண்டறிக்கை விளம்பரம்தான், ஒப்பந்தம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்குக் கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே, நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வீதமும், மாதவாரித் தவணைப் பட்டியலும் அதில் இருக்கும். ஏழு நாளோ அதற்கு மேலோ உள்ள கடன் என்றால் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. அதில் இல்லாத கட்டணத்தை நம் ஒப்புதல் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது. பட்டியலின் 24-ஆம் வரியில் நிலுவை 3,34,862-க்கு ஓரிரு ரூபாய் முன்பின் இருந்தால் கணக்கு சரி. 20-ஆம் தேதி பணம் வந்து, தவணைக் கணக்கு அடுத்த 5-ஆம் தேதியிலிருந்து தொடங்கினால், இடைப்பட்ட 15 நாளுக்கு 2,466 ரூபாய் தனியாக வட்டி வரும். அது பட்டியலுக்கு வெளியே நிற்கும் தொகை, 5-ஆம் தேதியை ஒட்டிப் பணத்தை விடுவிக்கச் சொன்னால் தவிர்க்கலாம்.