வலை முகப்பா, மூடிய முகப்பா?

கணினிக் கேபினெட் வாங்கும்போது மூடிய முகப்புதான் சத்தமற்றது என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். கணினி சும்மா இருக்கும்போதோ, வெறும் எழுத்து வேலை நடக்கும்போதோ, மூடிய பலகை மின்விசிறியின் மெல்லிய இரைச்சலை நன்றாகவே அடக்குகிறது.

250 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டில் ஒரு மணி நேரம் விளையாடினால் கதை மாறுகிறது. மூடிய முகப்பில் காற்று ஓரத்து இடுக்குகள் வழியாகத்தான் நுழைய வேண்டும். உள்ளே சூடு தேங்க, விசிறிகள் வேகம் கூட்டுகின்றன; பலகை மறைத்த சத்தத்தை அந்த வேகமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வலை முகப்பில் ஒலி தடையின்றி வெளியே வந்தாலும், விசிறிகள் மெதுவாகச் சுழன்றாலே போதும்.

உங்கள் மூடிய கேபினெட் மூச்சுத் திணறுகிறதா என்று அறிய, விளையாட்டு ஓடும்போதே முகப்புப் பலகையைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி பலகைதான்.

தூசியில் வலைக்குக் கெட்ட பெயர் உண்டு. ஆனால் நெருக்கமான வலை தானே வடிகட்டியாகிறது. அழுக்கு கண்ணுக்குத் தெரிவதால் துடைக்கவும் தோன்றும். துடைக்காவிட்டால் அதுவும் மூடிய முகப்பாகிவிடும். எந்த வகையானாலும், வெளியேற்றும் விசிறிகளைவிட உள்ளிழுப்பவை சற்றுக் கூடுதலாகத் தள்ளினால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினிக்கு மட்டும் மூடியதை வாங்குவேன்.