நிர்வாகப் பதில்: எண் வரிசையில் எழுதுவதா, காரணம் பார்த்து எழுதுவதா?

உள் தணிக்கைக் குழு தன் கண்டறிவுகளை ஸ்லைடுகளாகத் தரும்போது, அவற்றுக்கு நிர்வாகம் தர வேண்டிய பதிலை எழுத இரண்டு வழிகள் உண்டு. ஸ்லைடு வரிசையிலேயே ஒவ்வொரு கண்டறிவுக்கும் நடவடிக்கை, பொறுப்பாளர், கெடு தேதி என்று நிரப்பிக்கொண்டு போவது முதல் வழி. ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவற்றைச் சேர்த்து வைத்து, அந்தக் காரணத்தைத் தீர்க்கும் நடவடிக்கையை முதலில் முடிவு செய்வது இரண்டாவது வழி.

ஓர் எடுத்துக்காட்டில் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். கண்டறிவு 3: மாதிரியாகப் பார்த்த 40 முன்னாள் ஊழியர்களில் 9 பேரின் பயனர் கணக்குகள் முடக்கப்படவில்லை. கண்டறிவு 7: கொள்முதலிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறிய ஒருவரிடம் பழைய அனுமதி அப்படியே இருப்பதால், விற்பனையாளரைப் பதிவு செய்யவும் அதே விற்பனையாளருக்குப் பணம் வழங்க ஒப்புதல் தரவும் அவரால் முடிகிறது. கண்டறிவு 11: காலாண்டு அனுமதிச் சரிபார்ப்பில் துறைத் தலைவர்கள் கையொப்பமிடவில்லை.

முதல் வழியில் மூன்றும் தகவல் தொழில்நுட்பத் தலைவரிடமே போய்ச் சேரும். "9 கணக்குகளும் முடக்கப்படும்" என்ற பதில் ஒரே வாரத்தில் நிறைவேறிவிடும். ஆனால் அந்த 9 மாதிரியில் சிக்கியவை மட்டுமே. மாதிரிக்கு வெளியே எத்தனை இருக்கின்றன என்பதை யாரும் பார்க்கவில்லை, விலகிய பின் அந்தக் கணக்குகளில் எவரேனும் உள்நுழைந்தார்களா என்றும் கேட்கவில்லை. அடுத்த தணிக்கையில் இதே குறிப்பு வேறு பெயர்களோடு திரும்பி வரும்.

காரணத்தைத் தேடினால், ஸ்லைடில் இடமில்லாமல் விடுபட்டு முழு அறிக்கையில் இருக்கும் ஒரு வரி கண்ணில் படலாம்: விலகலையும் இடமாற்றத்தையும் மனிதவளத் துறை உரிய நேரத்தில் தெரிவிப்பதில்லை. அப்படியானால் 3, 7 இரண்டுக்கும் நிலையான தீர்வின் பொறுப்பாளர் மனிதவளத் தலைவர்தான். கடைசிப் பணிநாளுக்கு முன் அறிவிப்பு அனுப்ப வைக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. 11-ஐயும் "அனுமதி நிர்வாகம்" என்ற ஒரே தலைப்பில் அடைக்கத் தோன்றும். ஆனால் கையொப்பம் விடுபட்டதற்கு மனிதவளத் துறை காரணமன்று. அது துறைத் தலைவர்களின் கடமை, எனவே அதற்குத் தனி நடவடிக்கை வேண்டும். மேலும், தணிக்கைக் குழு கண்டறிவு எண்ணை வைத்தே பின்தொடர்கிறது. எல்லாவற்றையும் ஒரே நடவடிக்கையில் கட்டிவிட்டால், அது நிறைவேறும்வரை எந்த எண்ணையும் முடித்து வைக்க முடியாது.

ஆகவே யோசிப்பதைக் காரண வழியிலும் அட்டவணையை எண் வரிசையிலும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. கண்டறிவு 3-இன் கீழ் இரண்டு வரிகள் இருக்கட்டும். விலகிய அனைவரின் கணக்குகளையும் முடக்கி, உள்நுழைவுப் பதிவுகளைச் சரிபார்ப்பது தகவல் தொழில்நுட்பத் தலைவரின் பொறுப்பு, கெடு 10 நாள். விலகலுக்கும் இடமாற்றத்துக்குமான அறிவிப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவருவது மனிதவளத் தலைவரின் பொறுப்பு, கெடு 60 நாள். அது முடிந்ததற்குச் சான்றாக, அதன்பின் விலகியவர்களின் பட்டியலில் விலகிய தேதியும் கணக்கு முடக்கப்பட்ட தேதியும் அருகருகே காட்டப்பட வேண்டும். கண்டறிவு 7-இல் அந்த ஒருவரின் பழைய அனுமதியை உடனே நீக்கும் வரியை எழுதிவிட்டு, நிலையான தீர்வுக்கு "3-இன் இரண்டாம் வரியைப் பார்க்க" என்று குறித்தால் போதும்.