பொங்கலுக்கு முந்தைய இரவு: மாக்கோலமா, பொடிக்கோலமா, ஸ்டிக்கரா?

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில், போகிப் பண்டிகை நாளன்று இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய பிறகு, மறுநாள் பொங்கலுக்காக வீட்டை அலங்கரிக்க ஒரு மணி நேரந்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தால் எந்த இடமும் நிறைவாக அமையாது. வாசலுக்கே பெரும்பகுதியைக் கொடுப்பது நல்லது. வாசலுக்கு மாக்கோலம், பொடிக்கோலம், ஸ்டிக்கர் கோலம் ஆகிய மூன்றில் எதைத் தேர்வது என்பதுதான் முதலில் எழும் கேள்வி.

ஸ்டிக்கர் கோலம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் பலரும் அதையே நாடுகிறார்கள். ஆனால் தரையில் சிறிது தூசியோ ஈரமோ இருந்தாலும் அதன் ஓரங்கள் பிடிக்காமல் எழும்பிவிடும். ஆகவே தரையைத் துடைத்து முழுவதுமாக உலரவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சமாகும் நேரம் நாம் எண்ணுகிற அளவுக்கு இல்லை. சில மாதங்கள் கழித்து உரிக்கும்போது பசை தரையிலேயே தங்கி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத்தான் அதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். மூன்றில் இதற்கே நான் கடைசி இடம் கொடுப்பேன்.

பொடிக்கோலத்துக்கு வாசல் தெளித்த தரை, ஈரம் வற்றிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நின்றால் பொடி கட்டிகட்டியாகிக் கோடு கலைந்துவிடும். முற்றிலும் காய்ந்திருந்தால் காற்றில் பறக்கும். வழவழப்பான டைல்ஸில் காலடி ஒன்று பட்டாலே கலைந்துவிடுவதால், அடுக்குமாடி வீட்டின் நடைபாதைக்கு இது ஏற்றதன்று. தெருவைப் பார்த்த தனி வீட்டின் சிமெண்டு வாசலுக்கோ மண் தரைக்கோ இதற்கு நிகரில்லை. வண்ணப்பொடி நிரப்பும் ரங்கோலியை மட்டும் அன்றிரவு தொட வேண்டாம். கோடு போடுவதைவிட நிரப்புவதற்கே நேரம் அதிகமாகும்.

மாக்கோலத்தை நேரம் பிடிக்கும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அதில் நேரமெடுப்பது ஊறுவதும் உலர்வதுந்தான்; அவற்றுக்கு நம் கை தேவையில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அரை டம்ளர் பச்சரிசியைக் கழுவி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துவிட்டால், அரை மணியில் மிக்ஸியில் நைசாக அரைக்கும் பதத்துக்கு வந்துவிடும். கடையில் வாங்கும் அரிசி மாவைக் கரைத்தும் போடலாம் என்றாலும், அது கிண்ணத்தின் அடியில் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்த பிறகு எளிதில் உதிரும். கரைசலின் பதத்தை அறிய, துணியை நனைத்துப் பிழிந்து மோதிர விரல் வழியாக ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும்: கோடு அகன்று பரவினால் நீர் அதிகம், விட்டுவிட்டு விழுந்தால் மாவு கெட்டி. ஈரத்தில் கோலம் மங்கலாகத் தெரிவதைக் கண்டு மேலும் மேலும் மாவைத் தடவிவிடக் கூடாது. உலர்ந்ததும் வெண்மை தானே எழும்பும்.

இரண்டாவது மாடியில், மூன்றடி அகல வாசற்கதவு உள்ள ஒரு வீட்டில் இது எப்படி நடக்கும்? ஒன்பது மணிக்கு ஒருவர் அரிசியை ஊறவைத்துவிட்டு வாசலையும் கூடத்தையும் துடைக்கிறார். மற்றவர் மாவிலைத் தோரணம் கட்டுகிறார். மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, பதின்மூன்று இலைகள் போதும். இலையின் மேற்பகுதியைச் சணல் கயிற்றின் மேல் மடித்து, அதன் காம்பையோ ஈர்க்குத் துண்டையோ குத்தினால் நிற்கும். பழக்கமில்லாத கைக்கும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இலைகள் மட்டும் முற்றிய கரும்பச்சையாக இருக்க வேண்டும். செந்நிறத் தளிர்கள் விடிவதற்குள் துவண்டுவிடும். பிளாஸ்டிக் தோரணத்தை மாட்ட ஒரு நிமிடம் போதுமென்றாலும், பரணிலிருந்து எடுத்துத் தூசியைக் கழுவி உலர்த்தும் நேரத்தில் இலைத் தோரணமே தயாராகிவிடுகிறது.

ஒன்பதரைக்கு மாவை அரைத்து, இருபது நிமிடத்தில் நான்கு இழைப் படிக்கோலம் ஒன்றைப் போட்டு, ஈரம் காயும் முன்னரே ஓரத்தில் காவி பூசிவிடலாம். மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில், கதவின் இருபுறமும் உள்ள கிரில் கம்பியில் கரும்பை மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். ஒரே கட்டுப் போட்டால் கரும்பு சுழன்று கோலத்தின் மேல் சாயும். பிறகு வீட்டார் யாரும் வாசலில் நடமாடாமல் கதவைச் சாத்திவிட்டால் கோலம் தடையின்றி உலரும்.

வீடு திரும்பவே பத்து மணியாகிவிட்டால் மாக்கோலத்தை விட்டுவிட்டு, காலையில் பொங்கல் பானை ஏற்றும் முன் சிறிய பொடிக்கோலம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். தோரணத்தையும் கரும்பையும் மட்டும் இரவே கட்டிவிடுவது நல்லது.